காப்பிக் கொட்டை இருப்புக் கணக்கு: வாங்க வேண்டிய நேரத்தைச் சொல்லும், சராசரி அடக்கவிலை காட்டும் தாளை அமைப்பது எப்படி

சேலத்தில் சிறிய அளவில் காப்பிக் கொட்டை வாங்கி, வறுத்து, அரைத்து விற்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஏற்காட்டுக் கொட்டையை வாங்கும் கடைகளில் இருப்பு நோட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். எத்தனை கிலோ இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். அந்தக் கிலோ எந்த விலையில் நிற்கிறது, அடுத்த சிப்பத்துக்கு எப்போது சொல்லி வைக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நோட்டில் பதில் இருக்காது. ஆயத்தமாகக் கிடைக்கும் தாள்கள் பல, கடைசியாக வாங்கிய விலையையே மொத்த இருப்புக்கும் போட்டுவிடுகின்றன. விலை ஏறும் மாதத்தில் கையில் இல்லாத லாபம் அதில் தெரியும். எனவே தாளை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் எதிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும்; கால்க்கில் மட்டும் Log!C:C போன்றவற்றை Log.C:C என்று புள்ளி வைத்து எழுத வேண்டும். பின்னவை இரண்டும் இலவசம்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கொள்முதல் பில், லாரி வாடகை ரசீது, ஏற்று இறக்குக் கூலிச் சீட்டு, உங்கள் தராசில் சரக்கை நிறுத்த எடை ஆகிய நான்கும் ஒவ்வொரு கொள்முதலுக்கும் வேண்டும். கடைசி ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பில்லில் 80 கிலோ என்று இருந்து உங்கள் தராசில் 79.4 கிலோ வந்தால், பதிவில் 79.4 என்றே எழுதுங்கள். தொகையைப் பில்லில் உள்ளபடி முழுவதும் எழுதுங்கள். ஈரம் காய்ந்து குறையும் அந்தச் சிறிய எடையின் விலையை மீதிக் கொட்டை சுமக்கும். உண்மையில் நடப்பதும் அதுதான்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு தெளிவு வேண்டும். வறுக்காத காப்பிக் கொட்டைக்கு அந்த வரி இல்லை. ஆனால் சிக்கரி, பாக்கெட் உறை போன்றவற்றின் பில்லில் வரி இருக்கும். நீங்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்பவர் என்றால் அதை அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது. இணக்கமுறைத் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் இருப்பவருக்கு அந்த வரவு கிடையாது என்பதால் வரியும் அடக்கத்தில் சேரும். எந்த வகை என்று தெரியாமல் தொடங்கினால் ஆண்டு முடிவில் எல்லா வரிசையையும் திருத்த வேண்டி வரும்.

தொடக்க இருப்பை எண்ணுவதற்குக் கடைக்கு விடுமுறையான ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். மார்ச் 31 சிறந்த நாள். அதைத் தவறவிட்டால் ஏதாவது ஒரு மாதக் கடைசி.

2. பதிவுத் தாள்

கோப்பில் இரண்டு தாள்கள் போதும். முதல் தாளுக்கு Log என்று பெயரிடுங்கள். முதல் வரிசை தலைப்பு. நெடுவரிசைகள் இப்படி இருக்கட்டும்: A தேதி, B பொருள் குறியீடு, C வரவு அளவு, D வரவுத் தொகை, E செலவு அளவு, F இந்த வரிசைக்கு முந்தைய இருப்பு, G அந்த இருப்பின் மதிப்பு, H செலவின் மதிப்பு. A முதல் E வரை நீங்கள் நிரப்புவது. F, G, H மூன்றும் தாமே கணக்கிட வேண்டியவை. இரண்டாம் வரிசையில் இவற்றை இட்டுக் கீழே இழுத்து நிரப்புங்கள்:

```
F2: =ROUND(SUMIFS(C$1:C1,B$1:B1,B2)-SUMIFS(E$1:E1,B$1:B1,B2),3)
G2: =ROUND(SUMIFS(D$1:D1,B$1:B1,B2)-SUMIFS(H$1:H1,B$1:B1,B2),2)
H2: =IF(E2=0,0,IF(E2>F2,"சரிபார்",ROUND(G2*E2/F2,2)))
```

C$1:C1 என்ற எழுத்து முறைதான் இந்தத் தாளின் உயிர். தொடக்கம் கட்டப்பட்டிருக்கிறது, முடிவு வரிசையோடு சேர்ந்து நகர்கிறது. ஆகவே ஒவ்வொரு வரிசையும் தனக்கு மேலே உள்ளதை மட்டும் பார்க்கும். பன்னிரண்டாம் தேதி வறுத்த கொட்டைக்குப் பன்னிரண்டாம் தேதி நின்ற சராசரிதான் போடப்படும். இருபதாம் தேதி வாங்கப்போகும் சரக்கின் விலை அதைத் தொடாது.

D நெடுவரிசையில் கிலோ விலையை எழுத வேண்டாம். மொத்தத் தொகையை எழுதுங்கள்: பில் தொகை, வாடகை, கூலி எல்லாம் சேர்த்து.

3. சராசரி எப்படி நகர்கிறது

கணக்கு விளங்குவதற்காகச் சுலபமான எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை சந்தை விலை அல்ல. அராபிகா பச்சைக் கொட்டைக்கு AG என்றும், வறுத்ததற்கு AR என்றும் குறியீடு.

| வரிசை | தேதி | குறியீடு | வரவு கிலோ | வரவு ரூ. | செலவு கிலோ | செலவின் மதிப்பு ரூ. |
|---|---|---|---|---|---|---|
| 2 | மார்ச் 31 | AG | 120 | 50,400 | | |
| 3 | ஏப்ரல் 4 | AG | | | 50 | 21,000 |
| 4 | ஏப்ரல் 9 | AG | 80 | 36,600 | | |
| 5 | ஏப்ரல் 12 | AG | | | 60 | 26,400 |
| 6 | ஏப்ரல் 12 | AR | 50 | 27,500 | | |

தொடக்கத்தில் 120 கிலோ, கிலோ ரூ.420. நான்காம் தேதி 50 கிலோவைப் பச்சையாகவே வேறொரு கடைக்குக் கொடுத்தாயிற்று. அதன் அடக்கம் ரூ.21,000 கழிய, 70 கிலோ, ரூ.29,400 மீதி. சரக்கு வெளியே போகும்போது சராசரி அசையாது என்பதைக் கவனியுங்கள். இப்போதும் கிலோ ரூ.420 தான்.

ஒன்பதாம் தேதி 80 கிலோ வருகிறது. பில் விலை கிலோ ரூ.450, ஆக ரூ.36,000. வாடகையும் கூலியும் ரூ.600. மொத்தம் ரூ.36,600. இப்போது கையில் 150 கிலோ, மதிப்பு ரூ.66,000. வகுத்தால் கிலோ ரூ.440. பன்னிரண்டாம் தேதி வறுக்க எடுத்த 60 கிலோவுக்கு ரூ.26,400 என்று H நெடுவரிசை காட்டும். மீதி 90 கிலோ, ரூ.39,600.

இங்கே பலர் செய்வது, பழைய 420ஐயும் புதிய 450ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 435 என்று எழுதுவது. அதை 150 கிலோவால் பெருக்கினால் ரூ.65,250. நீங்கள் உண்மையில் போட்ட பணம் ரூ.66,000. காணாமல் போன ரூ.750இல் ரூ.600 வாடகையை விட்டதால் வந்தது. மீதி ரூ.150, 70 கிலோவையும் 80 கிலோவையும் சமமாக நினைத்ததால் வந்தது. இந்த எடுத்துக்காட்டில் இரண்டு அளவுகளும் நெருக்கமானவை என்பதால்தான் பிழை இவ்வளவு சிறியது. 10 கிலோ மட்டும் அவசரத்துக்கு அதிக விலையில் வாங்கிய மாதத்தில் அதே முறையில் போட்டுப் பாருங்கள்.

4. வறுக்கும்போது குறையும் எடை

என் கணிப்பில் காப்பிக் கடைக் கணக்குகள் அதிகம் பிசகும் இடம் இதுதான். பச்சைக் கொட்டையை வறுக்கும்போது ஈரம் போய், எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கருக வறுத்தால் இன்னும் கூடுதலாகக் குறையும். 60 கிலோ உள்ளே போனால் 50 கிலோ அளவுக்கு வெளியே வரும். அந்த 10 கிலோ நட்டம் அல்ல, வறுவலின் இயல்பு. எனவே 60 கிலோவின் அடக்கம் முழுவதும் அந்த 50 கிலோவின் மேல் ஏற வேண்டும்.

எடுத்துக்காட்டில் ரூ.26,400 உடன் எரிவாயு, வறுவல் கூலி ரூ.1,100 சேர்ந்து ரூ.27,500 ஆகிறது. 50 கிலோவால் வகுத்தால் வறுத்த கொட்டை கிலோ ரூ.550. தாளில் இதற்கு இரண்டு வரிசைகள்: AG செலவு ஒன்று, AR வரவு ஒன்று. AR வரிசையின் வரவுத் தொகையைக் கையால் எழுதாமல், மேல் வரிசையைச் சுட்டி இப்படி எழுதுங்கள்:

```
D6: =H5+1100
```

செலவு வரிசை எப்போதும் மேலே, வரவு வரிசை கீழே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கீழே உள்ள H தனக்கு மேலே உள்ள D-ஐப் பார்க்கும், அந்த D திரும்பவும் கீழே உள்ள H-ஐப் பார்க்கும். சுழல் கணக்கு என்று எச்சரிக்கை வந்து, அந்த வரிசைகளின் மதிப்பு வராமல் நின்றுவிடும்.

இந்தப் படியைத் தவிர்த்து, வறுத்த 50 கிலோவையும் ரூ.440 என்றே வைத்தால் ரூ.22,000 தான் வரும். பச்சைக் கொட்டைக்குப் போட்ட பணத்திலேயே ரூ.4,400 கணக்கில் இருந்து நழுவிவிடும். விற்பனை விலையை அந்த 440 மேல் நிர்ணயித்தால், ஒவ்வொரு கிலோவிலும் கையைக் கடிக்கும்.

கருகிப்போன வறுவலுக்கு வேறு நியாயம். வழக்கமாக 50 கிலோ வரவேண்டிய இடத்தில் 30 கிலோ மட்டும் தேறினால், முழு அடக்கத்தையும் அந்த 30 கிலோவில் ஏற்றக் கூடாது. வழக்கமான அடக்கமான ரூ.550 வீதம் 30 கிலோவுக்கு ரூ.16,500 மட்டும் வரவில் எழுதி, மீதி ரூ.11,000ஐ அந்த மாத நட்டமாக எழுதுங்கள். கணக்குத் தரநிலை 2 சொல்வதும் இதையே: இயல்புக்கு மீறிய சேதாரம் சரக்கின் அடக்கத்தில் சேராது. எது இயல்பு என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு வறுவலுக்கும் முன்னும் பின்னும் எடை போட்டிருக்க வேண்டும்.

சிக்கரி கலப்பதும் இதே முறைதான். AR செலவு, சிக்கரி செலவு இரண்டும் மேலே, கலவைத் தூள் வரவு கீழே.

5. இருப்புத் தாளும் எச்சரிக்கையும்

இரண்டாம் தாளுக்கு Stock என்று பெயர். பொருளுக்கு ஒரு வரிசை. A குறியீடு, B பெயர், C இருப்பு, D மதிப்பு, E சராசரி அடக்கம், F ஒரு நாள் செலவு, G சரக்கு வந்து சேர ஆகும் நாட்கள், H காப்பு இருப்பு, I மறுகொள்முதல் அளவு, J சொல்லி வைத்து இன்னும் வராத சரக்கு, K எச்சரிக்கை. இவற்றில் A, B, G, H, J ஐந்தையும் நீங்கள் எழுத வேண்டும்.

```
C2: =SUMIFS(Log!C:C,Log!B:B,A2)-SUMIFS(Log!E:E,Log!B:B,A2)
D2: =SUMIFS(Log!D:D,Log!B:B,A2)-SUMIFS(Log!H:H,Log!B:B,A2)
E2: =IF(C2>0,D2/C2,0)
F2: =SUMIFS(Log!E:E,Log!B:B,A2,Log!A:A,">"&TODAY()-30)/30
I2: =F2*G2+H2
K2: =IF(C2+J2<=I2,"வாங்கு","")
```

முதல் 30 நாள் பதிவு சேரும் வரை F-இல் உங்கள் பழைய நோட்டைப் பார்த்து ஓர் எண்ணை எழுதிவையுங்கள். பிறகு சூத்திரத்தைப் போடலாம். அந்த 30 நாளில் சில நாட்கள் சரக்கே இல்லாமல் இருந்திருந்தால் F குறைவாகக் காட்டும், எச்சரிக்கையும் தாமதமாக வரும். அந்த மாதம் மட்டும் 30க்குப் பதிலாகச் சரக்கு இருந்த நாட்களால் வகுங்கள்.

G நெடுவரிசையைக் குறைத்து எழுதத் தோன்றும். ஏற்காடு நமக்குப் பக்கத்தில்தானே, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போயிற்று என்று நினைப்போம். வண்டி ஓடும் நேரம் இதில் மிகச் சிறிய பங்கு. மாதிரி பார்ப்பது, விலை பேசுவது, கொட்டை தரம் பிரிந்து மூட்டையாவது, வண்டி கிடைப்பது என்று நாட்கள் போகும். உங்கள் பழைய பில்களில் சொல்லிய தேதியையும் வந்த தேதியையும் எடுத்துப் பார்த்து எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டி நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை G-ஐக் கூட்டி வையுங்கள்.

காப்பு இருப்புக்கு நான் நம்பும் எளிய முறை இது: அதிகபட்ச நாள் செலவை அதிகபட்சத் தாமதத்தால் பெருக்கி, அதிலிருந்து சராசரிச் செலவையும் சராசரி நாட்களையும் பெருக்கியதைக் கழிப்பது. சராசரியாக நாளுக்கு 7 கிலோ, 10 நாள் என்றால் 70. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வீடெல்லாம் விருந்தினர் நிறையும் நாட்களில் 9 கிலோ போகிறது, சரக்கு மிகத் தாமதமாக வந்தபோது 12 நாள் ஆனது என்றால் 108. வித்தியாசம் 38 கிலோ காப்பு. மறுகொள்முதல் அளவு 70ம் 38ம் சேர்ந்து 108. நம் எடுத்துக்காட்டில் கையில் 90 கிலோதான் இருக்கிறது, எனவே K-இல் "வாங்கு" என்று வந்திருக்கும்.

அன்றே 100 கிலோவுக்குச் சொல்லிவிட்டு J-இல் 100 என்று எழுதினால் எச்சரிக்கை அணைந்துவிடும். J இல்லாத தாளில் சரக்கு வரும்வரை பத்து நாளும் "வாங்கு" என்றே காட்டிக்கொண்டிருக்கும். கடையில் இன்னொருவர் அதைப் பார்த்து மறுபடியும் சொல்லி வைப்பார். சரக்கு வந்து Log-இல் ஏறியதும் J-ஐக் குறைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் உண்மையில் தீர்ந்துபோனாலும் தாள் அமைதியாக இருக்கும்.

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில் அராபிகா அறுவடை நவம்பரை ஒட்டித் தொடங்கிச் சில மாதங்கள்தான். ஆண்டுக்குத் தேவையானதைப் பருவத்திலேயே மொத்தமாக வாங்கி வைப்பவருக்கு இந்த எச்சரிக்கை பெரிதாகப் பயன்படாது. அவருக்கு அடுத்த பருவம்வரை தாங்குமா என்ற கேள்விதான். அதை C-ஐ F-ஆல் வகுத்து நாட்களாகப் பார்க்கலாம். மாதாமாதம் வாங்கும் வியாபாரிக்கும், சிக்கரி, உறை போன்றவற்றுக்கும் இந்த முறை சரியாகப் பொருந்தும்.

6. தாள் பொய் சொல்லும் இடங்கள்

முதல் சந்தேகம் தேதி மேல் வரட்டும். நாம் 04.04.2026 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். தாள் அதைப் பெரும்பாலும் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இருப்பும் மதிப்பும் சரியாகவே வரும், F மட்டும் குறைந்துகொண்டே போகும். எழுத்தாக நின்ற தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், உண்மையான தேதி வலப்பக்கம் நிற்கும். சாய்கோடு போட்டு எழுதினால் சரியாகிவிடும்.

குறியீட்டின் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தால் "AG " வேறு பொருளாகிவிடும். கையால் தட்டாமல், தரவுச் சரிபார்ப்பு வசதியில் பட்டியல் வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். Stock தாளின் எல்லா மதிப்புகளின் கூட்டலும், Log-இல் D-இன் கூட்டலில் இருந்து H-இன் கூட்டலைக் கழித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் ஏதோ ஒரு குறியீடு பிழை.

விடுபட்ட பில்லை நடுவில் வரிசை நுழைத்து எழுதுவதுதான் கண்ணுக்கே தெரியாத பிழை. ஆறாவது வரிசையில் நுழைத்தால், ஏழுக்கு இறங்கிய பழைய வரிசையின் சூத்திரம் இன்னமும் C$1:C5 வரை மட்டுமே பார்க்கும், புதிய வரிசையை அது தாண்டிவிடும். எட்டாவது வரிசையில் இருந்து எல்லாச் சூத்திரமும் சரியாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. நடுவில் எதை நுழைத்தாலும் F2, G2, H2 மூன்றையும் மறுபடி கடைசி வரை இழுத்து நிரப்புங்கள்.

H-இல் "சரிபார்" என்று வந்தால், இல்லாத சரக்கைச் செலவு எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கொள்முதல் பதிவாகும் முன்பே வறுவல் பதிவாகியிருக்கும். அதை அப்படியே விடக் கூடாது. அது எழுத்து என்பதால் கூட்டலில் சேராது, அளவு மட்டும் கழிந்து மதிப்பு அப்படியே தங்கிவிடும். நிபந்தனை வடிவமைப்பில் அந்தச் சொல்லுக்குச் சிவப்பு வைத்துவிடுங்கள்.

வாடகை ரசீது சரக்கு வந்து ஒரு வாரம் கழித்து வந்தால், C-ஐக் காலியாக விட்டு D-இல் தொகையை மட்டும் எழுதி ஒரு வரிசை சேர்க்கலாம். மீதி இருப்பு அந்தச் சுமையை ஏற்கும். சிறிய தொகை என்றால் பாதகமில்லை. சரக்கில் பெரும்பகுதி செலவாகிவிட்டிருந்தால், கையிருப்புக்கு உரிய பங்கை மட்டும் இப்படி ஏற்றி, மற்றதை நேராகச் செலவில் எழுதுங்கள்.

விற்றவருக்கே திருப்பி அனுப்பிய கொட்டையை E-இல் எழுதாதீர்கள். அங்கே எழுதினால் சராசரி விலையில் போகும், உங்களுக்குத் திரும்பும் பணமோ பில் விலை. C-யிலும் D-யிலும் கழித்தல் குறியோடு எழுதினால் கணக்கு நேராகும்.

7. மாதக் கடைசியும் மார்ச் 31ம்

மாதம் ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் வித்தியாசத்தை E-இல் எழுதி, H-க்கு அடுத்த I நெடுவரிசையில் காரணம் எழுதுங்கள்: சிந்தியது, எலி, மாதிரிக்குக் கொடுத்தது, தெரியவில்லை. கூடுதலாக இருந்தால் அன்றைய சராசரியில் வரவு வையுங்கள். சணல் சாக்கின் எடையைக் கழிக்காமல் நிறுத்தால் ஒவ்வொரு சிப்பத்திலும் போலியான கூடுதல் தெரியும்.

ஆண்டு முடிவில் இன்னொரு படி இருக்கிறது. இருப்பின் மதிப்பு அடக்கவிலை, விற்றால் செலவு போகக் கையில் வரும் தொகை இரண்டில் எது குறைவோ அதுவாக இருக்க வேண்டும். இதைப் பொருள் பொருளாகப் பார்க்க வேண்டும். வாசனை போன பழைய தூள் கிலோ ரூ.550 அடக்கத்தில் நின்று, ரூ.400க்குத்தான் போகும் என்றால் ரூ.400 என்றே காட்ட வேண்டும். பச்சைக் கொட்டையின் சந்தை விலை இறங்கியிருந்தாலும், அதில் செய்யும் தூள் அடக்கத்துக்கு மேல் விற்கிறது என்றால் கொட்டையைக் குறைக்கத் தேவையில்லை. கணக்காயரிடம் Stock தாளின் மார்ச் 31 நகலையும், அன்று போட்ட எடைப் பட்டியலைக் கையெழுத்தோடும் கொடுங்கள். மறுநாள் Stock தாள் மாறிவிடும் என்பதால் நகலை அன்று இரவே பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிட வேண்டும். சராசரி முறையில் தொடங்கிவிட்டால், அடுத்த ஆண்டு லாபம் குறைவாகத் தெரிகிறது என்பதற்காக முதலில் வந்தது முதலில் போகும் முறைக்குத் தாவ முடியாது. மாற்றுவதற்குத் தக்க காரணமும், அதனால் ஏற்பட்ட வித்தியாசமும் கணக்கில் எழுதப்பட வேண்டும்.